அணுவைவிடச் சிறிய நீட்சியை அணுக்களாலான கண்ணாடி எப்படிக் காட்டுகிறது?

கேள்வி: "லைகோ கருவி புரோட்டானைவிடச் சிறிய நீட்சியை அளக்கிறது என்கிறார்கள். கண்ணாடியே அணுக்களால் ஆனது, அந்த அணுக்களும் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கின்றன. ரோட்டில் ஒரு லாரி போனாலே தரை அதிரும். இதற்கு நடுவில் அந்த அளவை எப்படி நம்புவது? இடம் நீளும்போது ஒளியும் சேர்ந்து நீண்டுவிடாதா?"

சுருக்கமாகச் சொன்னால், ஒளி எந்தத் தனி அணுவையும் பார்ப்பதில்லை. கண்ணாடி முகப்பில் சுமார் 12 சென்டிமீட்டர் அகலத்துக்கு விழுந்து, அங்கே இருக்கும் கோடானுகோடி அணுக்களின் சராசரி இடத்தை மட்டும் அது படிக்கிறது. தரையும் வெப்பமும் தரும் ஆட்டங்களில் பெரும்பகுதி நாம் தேடும் அதிர்வெண்களுக்கு வெளியே தள்ளப்படுகிறது. அதற்குப்பின் நீட்சியைக் கண்டுபிடிக்க ஒளித்துகள்களான ஃபோட்டான்கள் ஏராளமாக வேண்டும், அவ்வளவுதான். இது கைக்கணக்காகவே போட்டுப் பார்க்கக்கூடிய விஷயம். இடத்தையே நீட்டிச் சுருக்கும் ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் கருவிதான் லைகோ. அதில் முதன்முதலில் பிடிபட்ட GW150914 என்ற நிகழ்வையே எடுத்துக்கொள்கிறேன்.

2015 செப்டம்பர் 14, நம் நேரப்படி பிற்பகல் 3:20. அமெரிக்காவின் லூசியானாவிலுள்ள லிவிங்ஸ்டன் கருவியில் ஒரு துடிப்பு பதிந்தது. சுமார் 7 மில்லிவினாடி கழித்து, 3,000 கிலோமீட்டர் தள்ளி வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் ஹான்ஃபோர்ட் கருவியிலும் அதே துடிப்பு. 35 ஹெர்ட்ஸ் அளவில் தொடங்கி, 0.2 வினாடிக்குள் எட்டு அலைகள் வேகமெடுத்து, 150 ஹெர்ட்ஸ் பக்கம் உச்சம் தொட்டு அடங்கிவிட்டது. உச்சத்தில் நீளத்தின் மாற்றம் 10²¹-இல் ஒரு பங்கு. கருவியின் ஒவ்வொரு கையும் 4 கிலோமீட்டர் என்பதால், இரண்டு கைகளின் நீளத்துக்கும் இடையே வந்த வித்தியாசம் 4 × 10⁻¹⁸ மீட்டர். ஓர் அணுவின் விட்டத்தில் இரண்டரைக் கோடியில் ஒரு பங்கு, புரோட்டானின் விட்டத்தில் சுமார் நானூறில் ஒரு பங்கு.

முதலில் ஒளியின் கணக்கு. 1,064 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர் ஒளி ஓர் ஒளிப்பிரிப்பானில் இரண்டாகப் பிரிந்து, செங்கோணமாக இருக்கும் இரு கைகளுக்குள்ளும் போய், கோடியிலுள்ள கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி வந்து சேர்கிறது. ஒன்றின் முகடும் மற்றதன் அகடும் சந்தித்து, வெளியேறும் பக்கம் ஏறக்குறைய இருட்டாக இருக்கும்படி கைகளின் நீளத்தை வைத்திருக்கிறார்கள். முழு இருட்டாக வைப்பதில்லை. சுமார் 10 பிக்கோமீட்டர் மட்டும் வேண்டுமென்றே விலக்கி வைத்திருப்பதால் மெல்லிய ஒளி கசியும். முழு இருட்டில் நின்றால், நீளம் கூடினாலும் குறைந்தாலும் ஒளி கொஞ்சம் கூடத்தான் செய்யும், எந்தப் பக்கம் நகர்ந்தது என்று சொல்ல முடியாது. விலக்கி வைத்திருந்தால் ஒரு பக்க நகர்வுக்கு வெளிச்சம் கூடும், மறுபக்க நகர்வுக்குக் குறையும். ஒளியுணரி அந்த வெளிச்சத்தைத்தான் பதிவு செய்கிறது.

எவ்வளவு சின்ன மாற்றம் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது ஃபோட்டான்களின் எண்ணிக்கை. தகரக் கூரையில் விழும் மழைத்துளிகளைப் போல அவை சீரில்லாமல் வந்து விழுகின்றன. சராசரியாக N துளி விழும் இடத்தில் அந்த எண் √N அளவுக்கு முன்னும் பின்னும் அலையும். அதனால் நீளத்தில் வரும் தெளிவின்மை தோராயமாக இது:

```
δL ≈ λ / (4π √N)
```

அன்றைக்குக் கருவிக்குள் போன லேசரின் திறன் சுமார் 20 வாட். 100 ஹெர்ட்ஸ் அலையின் அரைச் சுழற்சி 5 மில்லிவினாடி. அந்த நேரத்தில் 20 வாட்டில் வரும் ஃபோட்டான்கள் ஏறத்தாழ 5 × 10¹⁷. மேலே உள்ள சூத்திரத்தில் போட்டால் 1.2 × 10⁻¹⁶ மீட்டர் கிடைக்கும். நமக்கு வேண்டியது 4 × 10⁻¹⁸. முப்பது மடங்கு போதவில்லை. பாடப்புத்தகத்தில் வரைந்து காட்டும் வெறும் மைக்கெல்சன் அமைப்பு, 4 கிலோமீட்டர் கை இருந்தும்கூட, இந்த நிகழ்வைப் பார்த்திருக்காது.

இரண்டு வேலை செய்து இதைச் சரிக்கட்டுகிறார்கள். ஒவ்வொரு கையின் தொடக்கத்திலும் இன்னொரு கண்ணாடி தொங்குகிறது. அதற்கும் கோடிக் கண்ணாடிக்கும் நடுவில் ஒளி முன்னும் பின்னும் ஓடித் தேங்குகிறது. நீள மாற்றத்தின் தடம் ஒளியில் 280 மடங்கு அளவுக்குப் பெருகுகிறது. அடுத்தது, வெளியேறும் பக்கம் இருட்டாக இருப்பதால் ஒளி முழுவதும் லேசர் இருக்கும் பக்கமே திரும்பி வரும். அதை வீணாக விடாமல் இன்னொரு கண்ணாடி வைத்து மறுபடி உள்ளே அனுப்புகிறார்கள். 20 வாட் 700 வாட் ஆகிறது. அதில் ஆளுக்குப் பாதியாக 350 வாட் ஒவ்வொரு கையிலும் நுழைந்து, அங்கே தேங்கி, ஒரு லட்சம் வாட் ஆகிறது. இந்த இரண்டையும் கணக்கில் சேர்த்தால் தெளிவின்மை 7 × 10⁻²⁰ மீட்டருக்கு இறங்கிவிடும். நாம் தேடும் நகர்வு அதைவிட ஐம்பது மடங்குக்கும் மேல் பெரியது. உண்மையில் மற்ற இரைச்சல்கள் இதில் பெரும்பங்கைத் தின்றுவிடுகின்றன. ஆனாலும் ஒளியின் பக்கத்தில் மந்திரம் எதுவும் இல்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

அப்படியானால் லேசரின் திறனைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். லட்சம் வாட் ஒளி சும்மா இருப்பதில்லை, கண்ணாடியைத் தள்ளுகிறது. 2014-இல் லிவிங்ஸ்டனில், கையில் 50,000 வாட் ஒளி இருந்தபோது, ஒரு கண்ணாடி 15,500 ஹெர்ட்ஸ் அளவில் தானாகவே மணிபோல ஒலிக்கத் தொடங்கியது. கண்ணாடியின் அதிர்வு ஒளியின் வடிவத்தை மாற்ற, மாறிய ஒளி கண்ணாடியை இன்னும் தள்ள, அதிர்வு ஏறிக்கொண்டே போய் கருவி நிலைகுலைந்துவிடும். கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையச் சூடேற்றியை வைத்து, அதன் வளைவை மிக மெல்ல மாற்றி, அந்த ஒத்ததிர்வைக் கலைத்தார்கள். பூச்சில் மாட்டிய கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளும் தொல்லைதான். அந்தப் புள்ளி மட்டும் சூடேறிப் புடைத்து ஒளியைச் சிதறடிக்கும்.

இனி உங்கள் கேள்வியின் மையம்: கண்ணாடியின் அணுக்கள். கண்ணாடி ஒவ்வொன்றும் 40 கிலோ எடையுள்ள உருக்கிய சிலிக்கா உருளை. 34 சென்டிமீட்டர் விட்டம், 20 சென்டிமீட்டர் தடிமன். என்னதான் மெருகேற்றினாலும் அணு அளவில் அதன் முகம் மேடுபள்ளமாகத்தான் இருக்கும். அது பாதகமில்லை. மேடுபள்ளம் நிலையாக இருக்கும் வரை அளவில் எந்த மாற்றமும் வராது. நாம் பார்ப்பது ஒரு வினாடியில் சில பத்துகள் முதல் சில ஆயிரம் தடவை மாறும் நகர்வை மட்டுமே.

அணுக்கள் ஆடுவது உண்மை. அறை வெப்பத்தில் ஒவ்வொன்றும் 10⁻¹¹ மீட்டர் அளவுக்கு ஆடும். நாம் தேடுவதைப் போல இருபது லட்சத்துக்கும் அதிக மடங்கு. ஆனால் அந்த ஆட்டம் வினாடிக்கு லட்சம் கோடித் தடவைக்கும் மேல் நடப்பது. பக்கத்துப் பக்கத்து அணுக்கள் வெவ்வேறு திசையில் ஆடுகின்றன. ஒளி விழும் பரப்பில் மட்டும் ஏறத்தாழ 10¹⁷ அணுக்கள் இருக்கின்றன. ஊரே கூடிய திருவிழாக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் இப்படியும் அப்படியும் அசைந்தாலும், மொத்தக் கூட்டத்தின் நடுப்புள்ளி அநேகமாக அசையாமல் நிற்கும் அல்லவா, அதுபோலத்தான். ஒளிக்கற்றையை அகலமாக வைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அகலம் கூடக்கூட சராசரி உறுதியாகும்.

கவலைப்பட வேண்டியது, அணுக்கள் கூட்டாகச் சேர்ந்து மெதுவாக அசையும் ஆட்டத்தைப் பற்றித்தான். வெண்கல மணியையும் மண்பானையையும் தட்டிப் பாருங்கள். மணி ஒரே சுரத்தில் நீண்ட நேரம் ஒலிக்கும். பானை பொத்தென்று அடங்கிவிடும். வெப்பம் ஒரு பொருளை ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது. மணி போன்ற பொருளில் அந்த ஆட்டம் முழுவதும் அதன் சொந்தச் சுரத்தில் குவிந்துவிடும், மற்ற அதிர்வெண்களில் அமைதி. பானை போன்ற பொருளில் எல்லா அதிர்வெண்களிலும் பரவிக் கிடக்கும். உருக்கிய சிலிக்கா அருமையான மணி. அந்த உருளையின் சொந்தச் சுரங்கள் பல ஆயிரம் ஹெர்ட்ஸில் இருப்பதால் 100 ஹெர்ட்ஸ் பக்கம் அமைதி கிடைக்கிறது.

அதைத் தொங்கவிடும் இழைகளும் சிலிக்காவே. 0.4 மில்லிமீட்டர் தடிமன், 60 சென்டிமீட்டர் நீளம், கண்ணாடிக்கு நான்கு இழைகள். கருவியின் இரைச்சல் வரைபடத்தில் 500 ஹெர்ட்ஸ் அருகே ஊசிபோல நிற்கும் கோடுகள் அந்த இழைகள் வீணைத் தந்திபோல அதிர்வதால் வருபவை. இடம் தெரிந்த கோடுகள் என்பதால் அவற்றை ஒதுக்கிவிட்டுப் படிக்கலாம்.

எல்லாம் மணியாகவே அமைந்துவிடவில்லை. ஒளியைத் திருப்புவதற்காகக் கண்ணாடி மேல் சிலிக்காவும் டான்டலம் ஆக்சைடும் மாறி மாறிப் பூசப்பட்ட சில மைக்ரோமீட்டர் தடிமனுள்ள அடுக்கு இருக்கிறது. அது கொஞ்சம் மண்பானைக் குணம் உள்ளது. ஒளி நேராகப் படும் இடமும் அதுதான். இன்றைக்கு 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் கருவியின் திறனை மட்டுப்படுத்தும் பெரிய காரணங்களில் ஒன்று இந்தப் பூச்சின் வெப்ப ஆட்டம். ஆக, அணுக்களைப் பற்றிய உங்கள் சந்தேகத்தில் மிஞ்சும் உண்மை இந்தப் பூச்சில் இருக்கிறது.

லாரிக்கு வருவோம். சாவிக்கொத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கையை மெதுவாக ஆட்டினால் கொத்தும் கூடவே வரும். கையை வேகமாக உதறினால் கொத்து நின்ற இடத்திலேயே நிற்கும். ஊசலின் சொந்த அதிர்வெண் 1 ஹெர்ட்ஸ் என்றால், 10 ஹெர்ட்ஸில் வரும் அதிர்வு நூறில் ஒரு பங்காகத்தான் கீழே இறங்கும். லைகோவில் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு ஊசல்கள். இவை மட்டும் 10 ஹெர்ட்ஸில் அதிர்வைக் கோடிக் கணக்கில் குறைக்கின்றன. ஊசல்களைத் தாங்கும் மேடையிலும் உணரிகளும் தள்ளிகளும் இருந்து, தரை ஆடும் திசைக்கு எதிராக மேடையை நகர்த்தி, இன்னும் பல நூறு மடங்கு அடக்குகின்றன. ஒளி ஓடும் பாதை முழுவதும் 1.2 மீட்டர் விட்டமுள்ள வெற்றிடக் குழாய்க்குள் இருக்கிறது. காற்று இருந்தால் ஒளிக்கற்றையும் அலையும், கண்ணாடிக்கும் ஒலி எட்டும்.

10 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்த ஏற்பாடு பலிக்காது, கருவி அங்கே ஏறத்தாழக் குருடு. தொலைதூர நிலநடுக்கத்தின் மெதுவான அலை வந்தால் கண்ணாடிகள் பிடியிலிருந்து நழுவி, ஒளி தேங்குவது குலைந்து, திரும்பவும் எல்லாவற்றையும் சரிசெய்யும்வரை கவனிப்பு நின்றுபோகும். சூரியனும் நிலாவும் பூமியின் பாறையையே இழுப்பதால் 4 கிலோமீட்டர் தூரம் நாள்தோறும் நூறு மைக்ரோமீட்டருக்கும் மேல் மாறும். ஆனால் அது மணிக்கணக்கில் நடப்பது, கட்டுப்பாட்டு அமைப்பு பின்தொடர்ந்து சரிசெய்துகொள்ளும்.

நேராக ஊசல் வழியாக வராத அதிர்வுதான் ஏமாற்றும். எங்கோ சிதறிய ஒளி அதிரும் குழாய்ச் சுவரில் பட்டு மறுபடி கற்றையோடு சேர்ந்தால், கண்ணாடி அசையாமலே அசைந்ததுபோல் தெரியும். 2017-இல் ஹான்ஃபோர்டில் விளங்காத துடிப்புகள் வந்தன. திரவ நைட்ரஜன் குழாயில் உறைந்திருந்த பனியை அண்டங்காக்கைகள் வெயிலுக்குக் கொத்தித் தின்றதுதான் காரணம். பனியில் அலகின் தடம் இருந்தது, அதேபோல் தட்டிப் பார்த்தபோது அதே மாதிரியான துடிப்பும் வந்தது. இத்தகையவற்றைக் கண்டுபிடிக்கவே வளாகம் முழுக்க அதிர்வுமானிகளும் ஒலிவாங்கிகளும் காந்தமானிகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

"4 × 10⁻¹⁸ என்ற எண் சரியா என்று யார் சரிபார்ப்பது?" என்றும் கேட்கலாம். இதற்கான வழி எனக்கு மிகவும் பிடித்தது. இன்னொரு சின்ன லேசரால் அதே கண்ணாடியைத் தள்ளிப் பார்க்கிறார்கள். ஒளி பட்டுத் திரும்பும்போது தரும் விசை 2P/c. தொங்கும் கண்ணாடியின் எடை தெரியும், எந்த அதிர்வெண்ணில் தள்ளுகிறோம் என்பதும் தெரியும்.

```
x = 2P / (c · m · (2πf)²)
P = 0.01 W, m = 40 kg, f = 100 Hz
x ≈ 4.2 × 10⁻¹⁸ m
```

வெறும் 10 மில்லிவாட் ஒளியை 100 ஹெர்ட்ஸில் கூட்டிக் குறைத்தால், 40 கிலோ கண்ணாடி GW150914 ஏற்படுத்திய அளவுக்கே நகரும். கருவி அந்த நகர்வை என்னவாகக் காட்டுகிறது என்று ஒப்பிட்டு அளவுகோலைச் சரிசெய்கிறார்கள். கவனிப்பு நடக்கும்போதே சில அதிர்வெண்களில் இந்தத் தள்ளல் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆக, அணுவுக்குக் கீழான நகர்வு அங்கே அன்றாடம் வேண்டுமென்றே உண்டாக்கி அளக்கப்படுகிறது.

ஒளியும் சேர்ந்து நீளாதா? ஈர்ப்பலை வரும் நொடியில் கைக்குள் இருக்கும் ஒளியின் அலைநீளமும் கையோடு சேர்ந்து நீளத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஒளி அங்கேயே தங்குவதில்லை. ஒரு முறை போய்வர 27 மைக்ரோவினாடிதான் ஆகும். பழைய ஒளி வெளியேற, லேசரிலிருந்து புதிய ஒளி வந்துகொண்டே இருக்கிறது. லேசர் தன் தாளத்தை மாற்றுவதில்லை, அதே இடைவெளியில் முகடுகளை அனுப்புகிறது. புதிய முகடு நீண்ட கையைக் கடக்கக் கூடுதல் நேரம் எடுத்து, மற்றக் கையிலிருந்து வரும் முகட்டைவிடத் தாமதமாக வந்து சேர்கிறது. கருவி ஒளியை அளவுகோலாகப் பிடித்து நீளம் பார்க்கவில்லை, கடிகாரமாக வைத்து வருகை நேரத்தைப் பார்க்கிறது என்று எடுத்துக்கொண்டால் குழப்பம் தீரும். அலையின் ஒரு சுழற்சி 10 மில்லிவினாடி நீள்வதால், தேங்கி நிற்கும் ஒளியும் அதற்குள் புதுப்பிக்கப்பட்டுவிடும்.

எல்லாம் சரி, அன்று வந்தது இரைச்சல் தற்செயலாகச் சேர்ந்ததாக இருக்கக் கூடாதா? இதைச் சோதிக்க ஒரு கருவியின் பதிவை மற்றதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் தள்ளி வைத்து ஒப்பிட்டார்கள். ஒளிவேகத்தில் வரும் எதுவும் இரு இடங்களுக்கும் இடையே 10 மில்லிவினாடிக்கு மேல் எடுக்காது. ஆகவே அதைவிட அதிகமாகத் தள்ளி வைத்த பதிவில் ஏதாவது பொருந்தினால் அது தற்செயல்தான். 16 நாள் பதிவை இப்படித் திரும்பத் திரும்பத் தள்ளி வைத்து, ஆறு லட்சம் ஆண்டுக்கு இணையான ஒப்பீடு செய்தார்கள். இவ்வளவு வலுவான பொருத்தம் ஒன்றுகூட வரவில்லை. தேடல் முறைகளின் எண்ணிக்கையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, இப்படித் தற்செயலாகப் பொருந்துவது 2,03,000 ஆண்டுக்கு ஒரு முறைக்கும் குறைவு என்று அறிவித்தார்கள்.

இந்த அலையை உண்டாக்கியவை ஒன்றையொன்று சுற்றி இணைந்த இரண்டு கருந்துளைகள் என்பதை அலையின் வடிவமே சொன்னது. அதிர்வெண் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதிலிருந்து இரண்டின் மொத்த நிறை சுமார் 70 சூரியன் என்று கிடைக்கிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு அலை வரும் என்பதால், 150 ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 75 சுற்று. அந்த நிறையை அந்த வேகத்தில் சுற்றவைக்க, கெப்ளர் விதிப்படி நடுப்புள்ளிகளுக்கு இடையே வெறும் 350 கிலோமீட்டர்தான் இருக்க முடியும். சாதாரண விண்மீன்கள் அதற்கு எவ்வளவோ முன்னாலேயே மோதிவிடும். இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் சேர்ந்தாலும் இந்த நிறைக்குப் பக்கத்தில்கூட வராது. ஒன்று நியூட்ரான் விண்மீனாகவும் மற்றது பெரிய கருந்துளையாகவும் இருந்தால், இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணை எட்டுவதற்கு முன்பே இணைந்திருக்கும். 70 சூரிய நிறைக்குக் கருந்துளை ஆரங்களின் கூட்டு மட்டுமே 210 கிலோமீட்டர். 350 கிலோமீட்டர் இடைவெளியில் அடங்கக்கூடியவை இரண்டு கருந்துளைகள்தான். வரும் வழியில் அண்டம் விரிந்து அலை நீண்டதால் நிறை சற்றுக் கூடித் தெரிந்ததையும் கழித்த முழுக் கணக்கில் அவை 36, 29 சூரிய நிறை என்றும், இணைந்தபின் இருந்தது 62 என்றும், குறைந்த 3 சூரிய நிறை அலையாகவே வெளியேறியது என்றும் வந்தது.